என்.ஏ.வி.க்குள் கரையும் கட்டணம்: கேள்வி-பதில்

என் ஃபண்டின் செலவு விகிதம் 2 சதவீதம் என்கிறார்கள். ஆனால் என் கணக்கறிக்கையில் அப்படி எந்தத் தொகையும் கழிக்கப்பட்டதாக இல்லை. யூனிட்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. இந்தப் பணத்தை எப்போது எடுக்கிறார்கள்?

தினமும் எடுக்கிறார்கள். அன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு, உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள்.

அதைக் கணக்கிடும் முறை எளிது. ஃபண்டிடம் உள்ள பங்குகள், பத்திரங்களின் அன்றைய சந்தை மதிப்பு, கையிருப்புப் பணம், வரவேண்டிய வட்டி, டிவிடெண்ட் எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அதிலிருந்து ஃபண்ட் கொடுக்க வேண்டியவற்றைக் கழித்து, மீதியை யூனிட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். செலவு நுழைவது 'கொடுக்க வேண்டியவை' என்ற அந்த வரியில்தான். நிர்வாகக் கட்டணம், விற்பனையாளர் கமிஷன், பதிவாளர், சொத்துக் காப்பாளர், தணிக்கை ஆகியவற்றுக்கான தொகை ஒவ்வொரு நாளும் ஒரு நாளின் பங்காக அங்கே ஏறும்.

ஒரு ஃபண்டிடம் 500 கோடி மதிப்புள்ள சொத்து, 12.5 கோடி யூனிட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். என்.ஏ.வி. 40. ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால், 365ஆல் வகுக்க, ஒரு நாளுக்குச் சுமார் 2.74 லட்சம். முழு ஃபண்டுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் ஒரு யூனிட்டுக்கு 0.0022 மட்டுமே. சந்தை அரை சதவீதம் அசைந்தாலே என்.ஏ.வி. 0.20 நகர்ந்துவிடும், அந்த ஆட்டத்துக்கு நடுவே மூன்றாம் தசம இடத்தில் நடக்கும் கழிவை யார் கவனிப்பார்கள்?

சனி, ஞாயிறுக்கும் கட்டணம் உண்டு. வெள்ளியன்று 40.0000 இருந்து, திங்களன்று சந்தையில் ஒரு பங்கும் அசையவில்லை என்றால்கூட, மூன்று நாள் செலவு ஏறி என்.ஏ.வி. 39.9934 ஆகும். நட்டம் வந்த ஆண்டிலும் இந்தக் கழிவு நிற்காது. கட்டணம் சொத்தின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல.

ஃபண்ட் 12 சதவீதம் வருமானம் தந்ததாகச் சொல்கிறார்கள். செலவு 2 சதவீதம். எனக்குக் கிடைத்தது 10 தானே?

இல்லை, 12தான். வருமானத்தை என்.ஏ.வி.யிலிருந்து கணக்கிட்டிருந்தால் செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதை இரண்டாம் முறை கழிக்க வேண்டாம். ஃபண்டின் முதலீடுகள் ஈட்டியது ஏறத்தாழ 14 என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என்.ஏ.வி. 12 உள்ள ஃபண்ட், 340 உள்ளதைவிட மலிவானதா?

இல்லை. 10,000 போட்டால் முதலாவதில் 833.33 யூனிட், இரண்டாவதில் 29.41 யூனிட். இரண்டின் முதலீடுகளும் 10 சதவீதம் ஏறினால் இரண்டிலும் உங்களிடம் இருப்பது 11,000. ஒரு ஃபண்ட் மலிவா, விலை கூடியதா என்பதைச் சொல்வது செலவு விகிதம், என்.ஏ.வி. அல்ல.

ஆண்டுக்கு ஒன்றரை சதவீத வித்தியாசத்துக்காக இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டுமா? நல்ல வருமானம் வந்தால் அது தெரியாமல் போய்விடாதா?

எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வரும் நம்பிக்கை இது. அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு விடுகிறீர்கள். முதலீடுகள் ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டுகின்றன. செலவே இல்லை என்றால் அது 6.73 லட்சம் ஆகும். 0.5 சதவீதச் செலவுள்ள ஃபண்டில் 6.09 லட்சம். 2 சதவீதச் செலவுள்ளதில் 4.49 லட்சம். ஒன்றரை சதவீத வித்தியாசத்தின் விலை 1.6 லட்சம்; நீங்கள் போட்ட முதலைவிட அதிகம்.

காரணம், கழிவும் கூட்டு வட்டி போலவே பெருகுவதுதான். ஒவ்வோர் ஆண்டும் உங்கள் தொகையில் 98 சதவீதம் மட்டும் மிஞ்சுகிறது. 0.98ஐ 20 முறை பெருக்கினால் 0.668. அதாவது, சேர்ந்திருக்க வேண்டிய இறுதித் தொகையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இந்தப் பெருக்கலில் சந்தை வருமானம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலீடுகள் 6 சதவீதம் ஈட்டினாலும் 15 சதவீதம் ஈட்டினாலும், ஒரே முறையில் மொத்தமாகப் போட்ட பணம் 20 ஆண்டுகளில் இழப்பது இறுதித் தொகையில் அதே மூன்றில் ஒரு பங்குதான்.

லாபத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 10 சதவீதம் ஈட்டும்போது, 2 சதவீதச் செலவு மொத்த லாபத்தில் ஏறத்தாழ 39 சதவீதத்தைத் தின்கிறது. 6 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 48 சதவீதத்தை. வருமானம் குறையக் குறையக் கட்டணத்தின் பிடி இறுகும். ஆகவே கடன் பத்திர ஃபண்ட், பணச் சந்தை ஃபண்ட் ஆகியவற்றில்தான் செலவு விகிதத்தை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்பேன். 4 சதவீதம் ஈட்டும் இடத்தில் 1 சதவீதம் கேட்டால், அவர்கள் கால் பங்குக் கூட்டாளியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். நட்டத்தில் பங்கு கொள்ளாத கூட்டாளி.

மாதாமாதம் முதலீடு செய்பவர்களுக்கு இழப்பு இந்த அளவு இராது. கடைசி ஆண்டுகளில் போட்ட பணத்தைக் கட்டணம் சில காலமே அரித்திருக்கும்.

ஒரே ஃபண்டை விற்பனையாளர் கமிஷன் உள்ள வகை, இல்லாத வகை என்று இரண்டாக விற்கிறார்கள். என்னுடையது கமிஷன் உள்ளது. இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இரண்டு வகைக்கும் பின்னால் இருப்பது ஒரே முதலீட்டுத் தொகுப்பு. ஆகவே ஒன்றின் என்.ஏ.வி.யை மற்றதால் வகுத்தால் சந்தையின் ஏற்ற இறக்கம் அடிபட்டுப்போய்க் கட்டண வித்தியாசம் மட்டும் நிற்கும்.

இரண்டும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் 10.00 என்று தொடங்கின; இன்று கமிஷன் இல்லாதது 16.48, உங்களுடையது 15.67 என்று வையுங்கள். 15.67ஐ 16.48ஆல் வகுத்தால் 0.951. அதன் ஐந்தாம் மூலம் 0.99. ஆண்டுக்கு 1 சதவீதம் போயிருக்கிறது. தொடக்க என்.ஏ.வி.கள் வேறுபட்டால், அன்றைய விகிதத்தால் இன்றைய விகிதத்தை வகுத்துவிட்டு மூலம் எடுங்கள். இரண்டும் வருமானத்தைப் பிரித்துத் தராத வளர்ச்சி வகையாக இருக்க வேண்டும். டிவிடெண்ட் கொடுத்த நாளில் என்.ஏ.வி. அந்த அளவு இறங்கும், கணக்குக் கெட்டுவிடும்.

அந்த 1 சதவீதத்துக்கு ஈடாக ஆலோசனை கிடைத்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாறுவதற்கு முன், வெளியேறும் கட்டணமும் விற்பதால் வரும் வரியும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் இந்த மாற்றம் விற்றுவிட்டு மறுபடி வாங்குவதாகவே கருதப்படும்.

செலவு விகிதம் 0.2 மட்டுமே உள்ள குறியீட்டு ஃபண்ட் வைத்திருக்கிறேன். ஆனால் குறியீட்டைவிட 0.5 சதவீதம் பின்தங்குகிறது. மீதி எங்கே போனது?

முதலில் எந்தக் குறியீட்டோடு ஒப்பிட்டீர்கள் என்று பாருங்கள். டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீடுதான் சரியான அளவுகோல். விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால் ஃபண்ட் இருப்பதைவிட நன்றாகத் தெரியும், பின்தங்கல் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

சரியான குறியீட்டோடு ஒப்பிட்டும் 0.5 வந்தால், 0.3க்குக் காரணம் செலவு விகிதத்துக்கு வெளியே இருக்கிறது. பங்குகளை வாங்கி விற்கும்போது ஆகும் தரகும் வரியும் பெரும்பாலும் அந்த விகிதத்தில் சேராமல், நேரே சொத்திலிருந்து போகும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை எந்த அறிக்கையும் தனி வரியாகக் காட்டாது. யூனிட்களைத் திரும்பக் கொடுப்பவர்களுக்காக வைத்திருக்கும் ரொக்கம், ஏறும் சந்தையில் ஃபண்டைப் பின்னுக்கு இழுக்கும். ஓர் ஆண்டு இப்படி நடந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்தால், அதே குறியீட்டைப் பின்பற்றும் இன்னொரு ஃபண்டின் இடைவெளியோடு வைத்துப் பார்ப்பேன். அது 0.3க்குள் இருந்தால், செலவு விகிதம் 0.25 என்று போட்டிருந்தாலும் அதுதான் மலிவானது.