குளிர் ஊரில் பால் கூலர் பத்து மணி நேரம் ஓடுவது ஏன்?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்கள் பால் சங்கத்தில் 1000 லிட்டர் பல்க் கூலர் இருக்கிறது. சாயங்காலம் 260 லிட்டர், காலையில் 400 லிட்டர் வரும். பத்து மணிக்கு டேங்கர் வந்து எடுத்துக்கொண்டு போகும். ஐப்பசி வரை ஒழுங்காக இருந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து கம்ப்ரசர் ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஓடுகிறது, கரண்ட் பில் ஏறிவிட்டது. மெக்கானிக் கேஸ் குறைவு என்று நிரப்பிவிட்டுப் போனார், பெரிய மாற்றம் இல்லை. உண்மையில் எத்தனை மணி ஓட வேண்டும்? இங்கே குளிர்தானே, ராத்திரி நிறுத்திவிடலாமா?

பதில்: வணக்கம். நீங்கள் சொன்ன அளவுக்கு நாலரை மணி நேரம் போதும், கூடப்போனால் ஐந்து. கணக்கைச் சொல்கிறேன், அப்புறம் மீதி ஐந்து மணி எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

ஒரு லிட்டர் பாலில் 1 டிகிரி குறைக்க ஏறக்குறைய 4 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சாயங்காலப் பால் உங்கள் ஊரில் கேனில் வந்து சேரும்போது 30 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 260 லிட்டரை 30-லிருந்து 4-க்குக் கொண்டுவர, 260 × 26 × 4, சுமார் 27,000 கிலோஜூல். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் என்பதால் இது ஏழரை யூனிட் வெப்பம். காலையில் இன்னும் குளிர், பால் 28 டிகிரியில் வரும். 400 × 24 × 4, பதினொரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இது வெப்பக் கணக்குதான், பில்லில் வரும் யூனிட் இல்லை, கம்ப்ரசர் ஒரு யூனிட் கரண்டை வாங்கி இரண்டு, இரண்டரை யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும்.

இப்போது இயந்திரத்தின் பலம். இரண்டு வேளைப் பாலுக்கான 1000 லிட்டர் தொட்டியில், 500 லிட்டரை 35-லிருந்து 4 டிகிரிக்கு 3 மணி நேரத்தில் இறக்கும் வகைதான் நம் சங்கங்களில் அதிகம். அதாவது மணிக்குச் சுமார் 5.8 யூனிட் வெப்பம். அதன்படி சாயங்காலத்துக்கு ஒன்றே கால் மணி, காலைக்கு ஒன்றே முக்கால் மணி வரும், ஆனால் பால் குளிரக் குளிர இயந்திரத்தின் வேகம் குறையும், கலக்கியும் கொஞ்சம் சூடு சேர்க்கும், அதனால் ஒன்றே முக்கால், இரண்டே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி குளிர்ச்சியைக் காக்க அரை மணி. மொத்தம் நாலரை. விசிறி, கலக்கி எல்லாம் சேர்த்து மணிக்கு 2.7 யூனிட் இழுத்தால் நாளைக்கு 12 யூனிட். நீங்கள் இப்போது 25 யூனிட் பக்கம் கொடுக்கிறீர்கள்.

ராத்திரி நிறுத்த வேண்டாம். அதில் மிச்சமாவது அந்த அரை மணி ஓட்டம்தான். 4 டிகிரியில் இருக்கிற பால் மூடிய தொட்டியில் தானாக மெதுவாகத்தான் சூடேறும், தெர்மோஸ்டாட் தேவைப்படும்போது போட்டுக்கொள்ளும். நீங்கள் முழுக் குளிர்ச்சி வருவதற்கு முன்பே அணைத்துவிட்டால், கொட்டகைக் காற்று 12 டிகிரி என்றால் பால் அதற்குக் கீழே இறங்காது, கிருமி விடிய விடியப் பெருகும்.

இதைவிடப் பெரிய விஷயம் காலையில் எப்போது சுவிட்ச் போடுகிறீர்கள் என்பது. பல சங்கங்களில் எல்லோரும் ஊற்றி முடித்த பிறகு போடுகிறார்கள். 4 டிகிரியில் இருக்கும் 260 லிட்டர் மேல் 28 டிகிரிப் பால் 400 லிட்டர் விழுந்தால் மொத்தமும் 18 டிகிரியைத் தாண்டிவிடும், ராத்திரி முழுக்கக் குளிரவைத்த பாலும் வீண். கலப்பு 10 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. காலையில் முதல் கேனிலேயே போடுங்கள், ஆறிலிருந்து எட்டு மணி வரை ஊற்று நடந்தால் எட்டரைக்குள் 4-க்கு வந்துவிடும். சாயங்காலம் மட்டும், தொட்டி காலியாக இருப்பதால், கலக்கியின் இறக்கை பாலில் முங்கிய பிறகு போடுங்கள், ஏறக்குறைய 100 லிட்டர். அதற்கு முன் போட்டால் அடித்தகட்டில் பனிக்கட்டி பிடிக்கும்.

சரி, இனி கோளாறு. முதலில் இயந்திரத்தின் பலத்தை அளந்துவிடுங்கள். டேங்கர் போனதும் தொட்டியைக் கழுவி, 250 லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றி, கலக்கியை ஓடவிட்டுத் தெர்மாமீட்டரில் சூட்டைக் குறித்துக்கொண்டு, கம்ப்ரசரை அரை மணி ஓட்டுங்கள். தண்ணீர் 18 டிகிரியில் தொடங்கினால் 8 முதல் 10 டிகிரி வரை குறைய வேண்டும். 4, 5 டிகிரிதான் குறைந்தது என்றால் பாதிப் பலத்தில் ஓடுகிறது. தொட்டியின் சென்சாரை நம்பாதீர்கள், கையில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள், சென்சார் தப்பாகக் காட்டினாலும் கம்ப்ரசர் தேவையில்லாமல் ஓடும்.

இந்தச் சோதனையை நண்பகல் வெயிலில் ஒரு தடவை செய்து பாருங்கள், குளிர் நேரத்தில் தொட்டியில் பால் இருக்கும் என்பதால், சாயங்காலப் பால் முழுதும் சேர்ந்த பிறகு அந்தப் பாலே அரை மணியில் எத்தனை டிகிரி குறைகிறது என்று ஒரு தடவை பாருங்கள். இரண்டு நேரமும் மோசமென்றால் வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டென்சரில் அழுக்கு, அல்லது கேஸ் கசிவு. சங்கத்திலேயே தீவனம் விற்கிறீர்களா? தவிட்டுத் தூசியும் ஒட்டடையும் கண்டென்சர் இடுக்கில் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெயிலில் நன்றாக ஓடி, குளிரில் மட்டும் பலம் குறைந்தால் அது வேறு கதை, உங்களுக்கு மார்கழியில் தொடங்கியதால் என் சந்தேகம் இதன்மேல்தான். கண்டென்சர் யூனிட் கொட்டகைக்கு வெளியே இருக்கிறதா? குளிர்காற்று அதன்மேல் அடித்தால் உள்ளே அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். அந்த அழுத்தம்தான் திரவக் கேஸை எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் தொட்டியின் அடித்தகட்டுக்குத் தள்ளுகிறது. அழுத்தம் போதாவிட்டால் திரவம் குறைவாகப் போகும், குளிர்ச்சியும் குறையும், கம்ப்ரசர் இரண்டு மடங்கு நேரம் ஓடும். அப்போது சைட் கிளாஸில், அதாவது திரவக் கேஸ் போகும் குழாயில் உள்ள பார்வைக் கண்ணாடியில், குமிழிகூட வரும். கீழ்நாட்டில் பழகிய மெக்கானிக் அதைப் பார்த்ததும் கேஸ் இல்லை என்றுதான் நினைப்பார்.

பிரித்தறிய வழி இருக்கிறது. குளிர் நேரத்தில் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, அழுத்தமானியை மாட்டி, கண்டென்சர் முகத்தில் பாதியை அட்டையால் மறைக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறி, சில நிமிஷத்தில் குமிழி மறைந்து, பால் வேகமாகக் குளிர ஆரம்பித்தால் கேஸ் போதுமான அளவு இருக்கிறது, குளிர்காற்றுதான் கோளாறு. ஏறினாலும் குமிழி போகாவிட்டால் கசிவு தேட வேண்டும். அட்டையை அப்படியே விட்டுவிடாதீர்கள், வெயில் ஏறியதும் அழுத்தம் அளவுக்கு மேலே போய் கம்ப்ரசர் டிரிப் ஆகும்.

நிரந்தரத் தீர்வு, அழுத்தம் குறைந்தால் கண்டென்சர் விசிறியை நிறுத்தி, ஏறியதும் மறுபடி போடுகிற ஒரு பிரஷர் சுவிட்ச். நேராக அடிக்கும் காற்றைத் தடுக்க யூனிட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தகரத் தடுப்பும் போடலாம், ஆனால் சூடான காற்று வெளியே போக வழி இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. குளிர்காற்றுதான் காரணம் என்று தெரிந்தால், மெக்கானிக் இப்போது நிரப்பிய கேஸ் கூடுதலாக உள்ளே இருக்கிறது என்று பொருள். மாசி முடிந்து வெயில் ஏறும்போது அழுத்தம் எகிறி டிரிப் ஆகும், பால் தொட்டியில் இருக்கும்போதே அது நடக்கலாம். பிரஷர் சுவிட்ச் மாட்டும் நாளிலேயே கேஸை சிலிண்டரில் இறக்கி, யூனிட்டின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசில் வைத்துத் திரும்ப நிரப்பச் சொல்லுங்கள்.