திரும்பும்போது பின்னால விழுறது

"பொல்கொட வாவியில விண்ட்சர்ஃபிங் பழகுறேன். காத்துக்குள்ளால திரும்பும்போது ஒவ்வொரு முறையும் பின்னால விழுறேன், ஏன்?"

போர்ட் மூக்கு காத்தை நேரா பார்க்கிற நேரம் பாய்ல இழுவையே இருக்காது, நீங்க அப்பவும் பூம்ல தொங்கிட்டு இருக்கீங்க போல, அதான் விழுறீங்க. முதல்ல பாயை பின்பக்கம் சாய்ங்க, மூக்கு தானா காத்துப் பக்கம் திரும்பும். இழுவை குறையிறப்பவே முழங்காலை மடக்கி உடம்பை போர்டுக்கு மேல கொண்டு வாங்க, முன் கையை மாஸ்டுக்கு மாத்துங்க, மாஸ்ட் அடியை ஒட்டி சின்னச் சின்ன எட்டா வச்சு முன்னால சுத்தி மத்தப் பக்கம் போங்க, மாஸ்டுக்கு முன்னால நிக்க வேணாம். போனதும் மாஸ்டை முன்னால சாய்ச்சு பிறகு பின் கையால பூமை இழுங்க.

காத்து முழுசா நின்டா பாயை போர்ட் வால்மேல படுக்க வச்சு, குப்புறப் படுத்து கையால துடுப்புப் போட்டு வாங்க. போர்டை விட்டுட்டு மட்டும் நீந்தாதீங்க.