பிரெஞ்சில் 'த்யு'வா, 'வூ'வா?

பிரான்சில் வேலைக்குச் சேரப்போகிறேன். யாரிடம் 'த்யு', யாரிடம் 'வூ' சொல்வது?

'த்யு' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆனால் நம் நீ, நீங்கள் கணக்கோடு போனால் வீட்டில்தான் முதலில் இடறும். அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் அப்பா, தாத்தாவிடமே 'த்யு' என்றுதான் பேசுவார்கள். மாமனார் மாமியாரிடம் மட்டும், அவர்களாகச் சொல்லும்வரை 'வூ'வே நல்லது.

கடையில் யோசிக்கவே வேண்டாம். முதலில் 'போன்ழூர்' என்று வணக்கம், பிறகு 'வூ'. கல்லாவில் நிற்கும் பையனுக்கு 18 வயது என்றாலும் அதேதான்.

அலுவலகத்தில் 'வூ'வில் தொடங்குங்கள். வழக்கமாக மூத்தவரோ மேலதிகாரியோதான் "ஓன் ஸ த்யுத்வா?", அதாவது 'நீ என்றே பேசிக்கொள்வோமா?' என்று கேட்பார். சம்மதித்த பிறகு மறுபடி 'வூ'வுக்குத் திரும்பினால், கோபமோ என்று நினைப்பார்கள். சில ஐடி நிறுவனங்களில் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் 'த்யு'. பக்கத்து மேசைக்காரர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று அரை நாள் கவனித்தால் தெரிந்துவிடும்.