பஸ்ஸில் கேட்கப் பாடம் எழுதுவது எப்படி?

வாசகி கேள்வி: நான் மொரீஷியஸில் இருக்கிறேன். சுய்யாக்கிலிருந்து பஸ்ஸில் கியூர்பிப் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் ரோஸ் ஹில் போய், வண்டி மாறி ரெதுயியில் இறங்கி, மோகாவில் தமிழ் படிக்கிறேன். போக வர மூன்று மணி நேரம் வழியிலேயே போகிறது. வலி மிகும் இடங்கள், மிகா இடங்கள் பற்றிய குறிப்புகளை நானே படித்துப் போனில் பதிவு செய்து ஒரு மாதமாகக் கேட்கிறேன். கேட்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறது; தேர்வில் ஒற்றுப்பிழை குறையவே இல்லை. வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம் என்பதால் இப்படியா, அல்லது என் பதிவில் குறையா?

பதில்: குறை பதிவில்தான். கிரியோல்மீது பழி போடாதீர்கள். இதே தவற்றைக் கேசட் காலத்தில் நானும் செய்திருக்கிறேன். வலி மிகா இடங்களை வரிசை எண்ணோடு படித்து ஒரு கேசட் முழுக்க நிரப்பினேன். ஏழாவது இடம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு கட்டுரை எழுதினால் பக்கத்துக்குப் பத்து ஒற்றுப்பிழை. நான் மனப்பாடம் செய்தது இலக்கணத்தை அல்ல, கேசட்டை.

உங்கள் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன்: “வன்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சங்களின் பின் வல்லினம் மிகும், மென்தொடர், இடைத்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தில் முடியும் வினையெச்சங்களின் பின் மிகாது.” கண்ணுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. புரியாவிட்டால் கண் திரும்பிப் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். காதுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. “மிகாது” வந்து சேருவதற்குள் எந்தெந்தத் தொடர்கள் என்பது கைநழுவிவிடும்.

இன்னொரு சங்கடம் நம் மொழிக்கே உரியது. தமிழில் “இல்லை” என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. மிகும், மிகாது இரண்டும் முதல் இரண்டு எழுத்தில் ஏறக்குறைய ஒன்றே. கடைசி அசை காதில் விழும் நேரம் பார்த்து ஓட்டுநர் பிரேக் போட்டால் விதி தலைகீழாகிவிடும். அதனால் காதுக்கு எழுதும்போது முடிவை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். “இது வராத இடம்” என்று தொடங்குங்கள், உதாரணத்தைச் சொல்லுங்கள், கடைசியில் “ஒன்றும் வராது” என்று வேறு சொற்களில் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

மூன்றாவது சங்கடம் இந்தப் பாடத்துக்கே உரியது. ஒற்று மிகுதல் என்பது ஒலியில் என்ன? “எடுத்துப் பார்த்தான்” என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ப் என்ற இடத்தில் உதடுகள் மூடி ஒரு கணம் நிற்கின்றன. அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. இரட்டிப்பு என்று காது அறிவது பெரும்பாலும் அந்தச் சிறு மௌனத்தைத்தான். ஏறுமுகமான சாலையில் பஸ் இன்ஜின் முதலில் நிரப்புவது அதைத்தான். நீங்கள் எவ்வளவு திருத்தமாக உச்சரித்திருந்தாலும் அந்த ஒற்று இன்ஜினுக்கு இரையாகிவிடும். ஆகவே ஒற்றை உச்சரித்தால் மட்டும் போதாது; “நடுவில் ப் வந்தது” என்று பெயர் சொல்லவும் வேண்டும். ல, ள, ழ வரும் சொற்களுக்கும் இதே கதிதான். அங்கே எழுத்தின் பெயரைச் சொல்லாத பதிவு, எழுத்துப் பிழையைச் சரிசெய்யாது.

மேலே சொன்ன அதே விதியைக் காதுக்கு மாற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்று கீழே தருகிறேன். இதை அப்படியே பதிவு செய்யலாம். பகர அடைப்புக்குள் இருப்பதை வாசிக்காதீர்கள். அது நீங்கள் பேசாமல் காத்திருக்க வேண்டிய நேரம், விநாடியில்.

“எடுத்துப் பார்த்தான். மறுபடியும்: எடுத்துப் பார்த்தான். நடுவில் ப் இருக்கிறது. 
இப்போது வராத இடம். வந்து பார்த்தான். மறுபடியும்: வந்து பார்த்தான். நடுவில் ஒன்றும் இல்லை. 
ஏன்? முதல் சொல்லின் கடைசி எழுத்தை விடுங்கள். அதற்கு முந்தைய எழுத்தைக் கேளுங்கள். எடுத்து: முந்தைய எழுத்து த், வல்லினம். வல்லினம் என்றால் ஒற்று வரும். வந்து: முந்தைய எழுத்து ந், மெல்லினம். மெல்லினம் என்றால் ஒற்று வராது. 
இனி உங்கள் முறை. படித்து, சொன்னான். சேர்த்துச் சொல்லுங்கள். [6] படித்துச் சொன்னான். ச் வந்தது. 
நின்று, கேட்டான். சேர்த்துச் சொல்லுங்கள். [6] நின்று கேட்டான். ஒன்றும் வரவில்லை. ஏன்? [8] று-வுக்கு முன் ன், மெல்லினம். 
கேட்டு, போனான். சேர்த்துச் சொல்லுங்கள். [6] கேட்டுப் போனான். ப் வந்தது. ஏன்? [8] டு-வுக்கு முன் ட், வல்லினம். 
செய்து, கொடுத்தான். சேர்த்துச் சொல்லுங்கள். [6] செய்து கொடுத்தான். ஒன்றும் வரவில்லை. ஏன்? [8] து-வுக்கு முன் ய், இடையினம். இடையினத்துக்கும் ஒற்று வராது.”

கவனித்தீர்களா, வன்தொடர் என்ற பெயரே இதில் இல்லை. பெயர் வேண்டாம் என்பதல்ல, தேர்வில் கேட்பார்கள். காது வித்தியாசத்தைப் பிடித்த பிறகு, அடுத்த பதிவில் “எடுத்து என்பது எவ்வகைக் குற்றியலுகரம்?” என்று கேட்டுக்கொள்ளலாம். உதாரணம் முன்னால், விதி பின்னால், பெயர் கடைசியில். புத்தகத்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். “அழுது” போன்றவற்றில் து-வுக்கு முன் ஒற்றே இல்லை. ழு என்ற உயிர்மெய்தான் நிற்கிறது. அங்கும் ஒற்று வராது, “அழுது தீர்த்தாள்” என்றே எழுதுவோம். ஆனால் அதை இந்தப் பதிவிலேயே திணிக்காதீர்கள். ஒரு பதிவுக்கு ஒரு வித்தியாசம் போதும்.

மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலை செய்வது அதுதான். விடையை நீங்களே தேடி எடுக்கும் அந்த ஆறு விநாடியில்தான் பாடம் பதிகிறது. மற்ற நேரமெல்லாம் பழகிய குரலைக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். கேட்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருந்ததற்கும் இதுதான் காரணம். பதிவு செய்யும்போது விடை உங்கள் எதிரிலேயே எழுதியிருப்பதால் ஆறு விநாடி என்பது யுகமாகத் தோன்றும், இரண்டிலேயே பேசிவிடுவீர்கள். அதைத் தடுக்க, கேள்வி கேட்டதும் விடையை வாய் திறக்காமல் மனத்துக்குள் இருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு உரக்கச் சொல்லுங்கள். மௌனத்துக்கு முன் “சேர்த்துச் சொல்லுங்கள்” என்ற அழைப்பு ஒவ்வொரு முறையும் இருக்கட்டும். இல்லையென்றால் பதிவு நின்றுவிட்டது என்று நினைத்துப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பீர்கள்.

நிதானமாக வாசித்தால் எனக்கு நிமிடத்துக்கு 90 சொல் ஆகிறது. உங்களுடையதை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். மௌனங்களையும் சேர்த்து ஒரு பதிவு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ரோஸ் ஹில்லில் வண்டி மாறும்போது அறுபட்டால், திரும்பத் தொடங்க அதிகம் தேட வேண்டியிருக்காது. பஸ்ஸை விட மெட்ரோவில் இரைச்சல் குறைவு. அதனால் பஸ்ஸில் பழைய பதிவுகள், மெட்ரோவில் புதியது. பழையதில் ஓர் ஒற்று இன்ஜினுக்குப் போனாலும் மனம் நிரப்பிக்கொள்ளும். புதியதில் தவறாகக் கேட்டது தவறாகவே தங்கிவிடும்.

பதிவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கிவிடும். போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே பிடித்தால் ஒவ்வொரு ப்-பும் காற்றடித்து வெடிக்கும். இந்தப் பாடத்தில் எத்தனை ப் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை வீடென்றால் மழை விட்ட பிறகு பதியுங்கள்.

இனி, பதிவு பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான்கைந்து நாளில் குரல் கேள்வியை முடிப்பதற்கு முன்பே “ச் வந்தது” என்று உங்கள் வாய் முணுமுணுக்கத் தொடங்கும். மகிழ்ந்துவிடாதீர்கள், அது நான் செய்த கேசட் தவறு. முதலில் வருவது ச், அடுத்து ஒன்றுமில்லை, மூன்றாவது ப் என்று வரிசையைக் கற்றிருக்கிறீர்கள். அன்றிரவே அதே விதிக்கு வேறு சொற்களோடு இன்னொரு பதிவு செய்யுங்கள்: பார்த்து, தின்று, பெய்து, விட்டு, கொன்று. வருவதும் வராததும் மாறி மாறி வராமல் தாறுமாறாக இருக்கட்டும். தொடர்ந்து மூன்று வராத இடங்கள்கூட வரலாம். பழைய பதிவை அழிக்க வேண்டாம், ஒரு வாரம் கழித்துப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் நீங்கள் பேசப்போவதில்லை, எழுதப்போகிறீர்கள். அதனால் ரெதுயியில் இறங்கியதும் வகுப்புக்குப் போகுமுன் பஸ் டிக்கெட்டின் பின்புறம் மூன்று தொடர்கள் எழுதுங்கள். பதிவில் வந்தவை அல்ல, உங்கள் சொந்தத் தொடர்கள். “டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்”, “வெயிலில் நின்று களைத்தேன்”, இப்படி. மாலையில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறிய சொல் எதுவோ அதுவே அடுத்த பதிவின் முதல் கேள்வி. 

எல்லாப் பாடத்தையும் இப்படி மாற்ற முடியாது. யாப்பில் அசை பிரித்து வாய்பாடு எழுதுவதற்குக் கண்ணும் தாளும் வேண்டும். அதைக் காதுக்கு எழுதிப் பார்த்துக் கைவிட்டவன் நான். வலி மிகும் இடங்களிலும் காதுக்கு எளியது எது, கடியது எது என்று உண்டு. “அந்தப் பையன், வந்த பையன்” காதுக்கு அருமையான இணை: அந்த என்றால் ப் வரும், வந்த என்றால் வராது. இரண்டாம் வேற்றுமை ஐ, நான்காம் வேற்றுமை கு இரண்டும் அப்படியே: “பாடத்தைப் படித்தாள், வீட்டுக்குப் போனாள்.” இவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினைத்தொகையை மட்டும் காதில் தொடங்காதீர்கள். சுடுசோறு, ஊறுகாய் என்பவற்றில் காலம் மறைந்திருக்கிறது என்பதை முதலில் தாளில் பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கடைசியாக ஒன்று. வண்டி மாறும் இடத்தில் ஒரு காதையாவது திறந்து வைத்திருங்கள்.