அடியில் இன்னும் குளிர்ந்து கிடக்கும் கடல்

கேள்வி: புகை விடுவதைக் குறைத்தாலும் பூமி இன்னும் பல பத்தாண்டுகள் சூடாகிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே, ஏன்? கடல் சேர்த்து வைத்த சூட்டைத் திருப்பி வெளியே விடுவதாலா?

இல்லை. கடல் சூட்டை வெளியே விடுவதால் அல்ல, இன்னும் உள்ளே வாங்கிக்கொண்டிருப்பதால்தான் இந்தத் தாமதம். எங்கள் ஊரில் ஆடி மாதம் கடலில் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது.

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. சித்திரை, வைகாசியில் கடல் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், இறங்கினால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனி, ஆடியில் அதே இடத்தில் கரமடி இழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வரும் அப்பா, "வெள்ளம் குளிருது மக்ளே" என்று துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார். மழைத் தண்ணீர் கலந்ததால்தான் குளிர்கிறது என்று ஊரில் சொல்வார்கள். முக்கியமான காரணம் அதுவல்ல. தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் கரைப்பக்கம் வரும்போது திசை திரும்பி, கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசுகிறது. பூமி சுழல்வதால், அந்தக் காற்று தள்ளும் மேல்தண்ணீர் நேராகப் போகாமல் கரையை விட்டு விலகி ஆழ்கடல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழேயுள்ள தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அப்படி ஏறுவது அதிக ஆழத்திலிருந்துகூட அல்ல, சில பத்து மீட்டர் அடியிலிருந்துதான். அதற்கே துண்டு தேவைப்படுகிறது. 2000 மீட்டர் ஆழத்துக்குப் போனால் 3 டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும்.

நம் கடல் என்பது மேலே ஒரு மெல்லிய வெந்நீர்ப் படலமும் அதன் கீழே கிலோமீட்டர் கணக்கில் பச்சைத்தண்ணீரும். கேள்விக்கான பதில் இந்த அடுக்கில்தான் இருக்கிறது.

இப்போது சூரியனிடமிருந்து பூமி வாங்குவதைவிட, விண்வெளிக்குத் திருப்பி அனுப்புவது கொஞ்சம் குறைவு. காற்றில் கூடிவிட்ட கார்பன் டை ஆக்சைடும் மற்ற வாயுக்களும் வழியில் மறிப்பதால் வரும் குறைவு இது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட். ஒரு சின்ன இரவு விளக்கு அளவுதான், ஆனால் இரவு பகலாக, பூமி முழுவதும். இப்படி மிஞ்சும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடலுக்குள் போகிறது.

அந்த 1 வாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மேலே வானம் வரை இருக்கும் காற்றின் எடை 10 டன். அதன் சூட்டை 1 டிகிரி உயர்த்த இந்த 1 வாட்டுக்கு நான்கு மாதம் போதும். அதே சதுர மீட்டருக்குக் கீழே, அலையும் காற்றும் கலக்கிக்கொண்டே இருக்கும் மேல் 50 மீட்டர் தண்ணீரை 1 டிகிரி உயர்த்த ஆறரை ஆண்டு ஆகும். கடலின் சராசரி ஆழம் 3700 மீட்டர். அத்தனையையும் 1 டிகிரி உயர்த்தக் கிட்டத்தட்ட 480 ஆண்டு. தண்ணீர் காற்றைவிடக் கனமானது, ஒரு கிலோ தண்ணீருக்குத் தேவைப்படும் வெப்பமும் காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல நான்கு மடங்கு. அதனால்தான் வெறும் இரண்டரை மீட்டர் ஆழத் தண்ணீர், மேலேயுள்ள மொத்தக் காற்றும் கொள்ளும் வெப்பத்தைக் கொண்டுவிடுகிறது.

வெப்பம் கீழே இறங்குவதும் எளிதல்ல. சூடான தண்ணீர் லேசானது, மேலேயே மிதக்கும். மேல்தண்ணீர் நன்றாகக் குளிர்ந்து கனத்து அடிவரை இறங்கும் இடங்கள் உலகில் சிலவே: கிரீன்லாந்தை ஒட்டிய வட அட்லாண்டிக், அண்டார்டிகா ஓரம். அங்கே இறங்கும் தண்ணீர் மறுபடி மேலே வர நூற்றாண்டுகள், சில நேரம் ஆயிரம் ஆண்டு ஆகிறது. ஆகவே கடலின் மேற்பகுதி சில ஆண்டுகளில் சூடாகிவிடும், அடிப்பகுதி நூற்றாண்டுகளாக வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த இழுப்பு நம்மை இப்போதைக்குக் காப்பாற்றுகிறது. பூமியின் மேற்பரப்பு போதுமான அளவு சூடானால்தான் வெளியே போகும் வெப்பம் கூடி, வரவும் செலவும் சமமாகும். ஆனால் கீழேயுள்ள குளிர்ந்த தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் மேற்பரப்பு அந்த அளவுக்கு ஏற முடியவில்லை. அதாவது இன்று காற்றில் இருக்கும் வாயு அளவுக்குரிய முழுச் சூட்டை நாம் இன்னும் அனுபவிக்கவில்லை. கல்யாண வீட்டு அண்டாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டிய கொஞ்ச நேரத்தில் விரல் விட்டுப் பார்ப்பது போன்ற நிலை. இனி விறகு கூட்டாவிட்டாலும், எரிகிற தீ அப்படியே இருந்தால் தண்ணீர் இன்னும் சூடேறும். 2000-ஆம் ஆண்டு இருந்த அளவிலேயே காற்றின் வாயுக்களை நிறுத்தி வைத்திருந்தால்கூட, பத்தாண்டுக்கு 0.1 டிகிரி வீதம் சூடு கூடியிருக்கும் என்று ஐ.நா-வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி-யின் 2007 அறிக்கை கணக்கிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இனி என்ன செய்தும் பயனில்லை" என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். புகையைக் குறைப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு. நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன, மீதிதான் காற்றில் சேர்கிறது. வெளியேற்றத்தைப் பாதியாக்கினால் காற்றில் அதன் அளவு சில காலம் அப்படியே நிற்கும். அது அண்டாவின் அடியில் தீ மாறாமல் எரிவது போல, சூடு மெல்ல ஏறும். நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்கினால் கதை மாறுகிறது. கடல் கார்பனைத் தொடர்ந்து உறிஞ்சுவதால் காற்றில் அதன் அளவு இறங்கத் தொடங்கும், தீயும் தணியும். அடிக்கடல் சூடேறுவதால் வர வேண்டிய கூடுதல் சூடும், கார்பன் இறங்குவதால் வரும் தணிவும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சராசரி வெப்பநிலை அப்போதிருக்கும் அளவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், ஒரு டிகிரியில் சில பத்தில் பங்கு கூடவோ குறையவோ செய்யலாம். ஆனால் பழைய நிலைக்கு இறங்காது, பல நூற்றாண்டு அப்படியே கிடக்கும். எனவே "பல பத்தாண்டுகள் சூடேறும்" என்பது குறைத்துவிட்டு நிறுத்தாமல் இருக்கும் நிலைக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

கடல் வெப்பத்தை வாங்குகிறது என்பது ஊகம் அல்ல, அளந்து பார்த்தது. ஆர்கோ என்ற பெயரில் ஏறக்குறைய 4000 மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் அலைகின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் 2000 மீட்டர் வரை இறங்கி, ஏறும் வழியெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. நம் நாட்டில் இந்த வேலையைப் பார்ப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை நம் மீனவர்களுக்குச் சொல்லும் அதே நிறுவனம். பசிபிக் கடலின் மேல்தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் காற்றின் வெப்பநிலை எகிறும், அடுத்த ஆண்டு சற்று இறங்கும். கடலுக்குள் சேர்ந்த வெப்பத்தின் கோடு அவ்வளவு ஆடுவதில்லை, ஏறிக்கொண்டே போகிறது. பூமி சூடாகிறதா என்று பார்க்க அந்தக் கோட்டைப் பாருங்கள் என்றுதான் என் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன்.

எங்கள் கரைக்கு இதில் இன்னொரு சேதியும் உண்டு. சூடான தண்ணீர் விரியும். 1971 முதல் 2018 வரை கடல்மட்டம் உயர்ந்ததில் பாதியளவு இந்த விரிவால் வந்தது, மீதியில் பெரும்பங்கு பனி உருகியதால். ஊரில் வீடுகளைக் கடல் கொண்டுபோனதை எல்லாம் இதன் தலையில் போட மாட்டேன். பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் நம் ஊர் மணல் அரிப்பதை நாங்களே கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் காற்று சூடேறுவது நின்ற பிறகும் அடிக்கடல் வெப்பத்தை வாங்குவது நிற்காது. வாங்கும் வரை விரியும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ கடல்சுவரு எவ்வளவு பொக்கத்துல கட்டணும்?" அதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. எந்த ஆண்டில் புகையை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அந்த உயரம் மாறும்.