விளம்பரத் தலைப்பும் பக்கத் தலைப்பும்: கேள்வி பதில்

கோவையில் கிரைண்டர் கடை வைத்திருக்கிறேன். கூகுள் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்து வரை இடம் உண்டு என்றார்கள். ‘தரமான கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று எழுதினேன். இடைவெளியோடு எண்ணினாலும் 21தான். ஆனால் பெட்டி ஏற்க மறுக்கிறது. ஏன்?

நீங்கள் கண்ணால் எண்ணுகிறீர்கள், கணினி குறியீடுகளை எண்ணுகிறது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. புள்ளியும் தனியாக ஒன்று. ‘கோயம்புத்தூர்’ என்ற சொல் நமக்கு 7 எழுத்து, அங்கே 13. உங்கள் தலைப்பு முழுவதும் 34 வருகிறது.

‘தரமான’ என்பதை எடுத்துவிட்டாலே 28 ஆகிவிடும். நானாக இருந்தால் ஊரையும் சுருக்கி, ‘கோவை வெட் கிரைண்டர் விற்பனை’ என்று எழுதுவேன். இது 27. ‘தரமான’ என்று எல்லாக் கடையும் சொல்கிறது. அதற்கு 5 இடம் கொடுப்பது வீண்.

விளம்பரத்தில் இடும் முன்பே, தலைப்பை விரிதாளின் A1 கட்டத்தில் எழுதி எண்ணிக்கொள்ளுங்கள்:

```
=LEN(A1)
```

ஒரு நுணுக்கம். சில பழைய கோப்புகளிலிருந்து நகலெடுத்தால் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒன்றாக இல்லாமல், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இருக்கும். பார்வைக்கு வேறுபாடே தெரியாது, எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு மீண்டும் தட்டச்சு செய்தால் சரியாகிவிடும்.

தேடல் முடிவில் தெரியும் என் இணையப் பக்கத்தின் தலைப்புக்கும் அதே கதைதானே? 60 எழுத்தைத் தாண்டினால் கூகுள் தரவரிசையில் கீழே தள்ளிவிடும் என்று படித்திருக்கிறேன்.

நீண்டால் வெட்டுப்படும் என்பது சரி. கீழே தள்ளும் என்பது சரியல்ல. பக்கத் தலைப்புக்குக் கூகுள் எழுத்து வரம்பே வைக்கவில்லை. திரையின் அகலத்தில் அடங்காத பகுதி காட்டப்படாது, அவ்வளவுதான். 60 என்பது ஆங்கில எழுத்தின் அகலத்தை வைத்துச் சொல்லப்படும் தோராயக் கணக்கு.

தமிழில் இதைக் கவனிக்க வேண்டும். மெய்யின் தலையில் உட்காரும் புள்ளி அகலத்தைக் கூட்டுவதில்லை. ஆகவே விளம்பரத்தில் இடம் தின்னும் அதே புள்ளி, பக்கத் தலைப்பில் இலவசம். மாறாக ணகரமும் ஐகாரமும் நிறைந்த சொற்கள் அகலத்தை விழுங்கும். எண்ணிப் பயனில்லை, கைபேசியில் தேடிப் பாருங்கள். எங்கே வெட்டினாலும் பொருள் நிற்கும்படி, பொருளின் பெயரையும் ஊரையும் முதலில் வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதியதையே கூகுள் காட்டும் என்ற உறுதி கிடையாது. பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ எடுத்து மாற்றிக் காட்டுவதுண்டு. விளம்பரத்தில் பொதுவாக உங்கள் சொற்கள் அப்படியே வரும். ஆனால் வரிசையைப் பெரும்பாலும் கூகுள்தான் முடிவு செய்யும்.

அப்படியானால் என் பக்கத் தலைப்பையே மூன்றாக வெட்டி விளம்பரத்தில் போட்டுவிடலாமா, அண்ணா? வேலை மிச்சமாகுமே.

வேண்டாம் தம்பி. 15 தலைப்பு வரை கொடுக்கலாம். கூகுள் அவற்றில் மூன்று வரை எடுத்து, தன் விருப்பப்படி கோத்துக் காட்டும். சில சமயம் இரண்டுதான் தெரியும். ‘கோவையில் தயாரான’ என்று ஒன்றும் ‘2 லிட்டர் கிரைண்டர்’ என்று ஒன்றும் கொடுத்தால், ‘2 லிட்டர் கிரைண்டர் | கோவையில் தயாரான’ என்று வால் அறுந்து நிற்கும். ஒவ்வொன்றும் தனியாக நின்று பொருள் தர வேண்டும்.

முதலிடத்தில் ஒன்றைப் பூட்டிவைக்க வழி உண்டு. கடைப் பெயருக்கோ பொருளின் பெயருக்கோ மட்டும் அதைச் செய்யுங்கள். எல்லாவற்றையும் பூட்டினால் கூகுள் மாற்றிப் பார்க்க வழியில்லாமல் போகும்.

விவரணை வரிக்கு 90 இடம். ‘2 லிட்டர், 3 ஆண்டு உத்தரவாதம். கோவைப் பட்டறையிலிருந்து நேரடியாக வீட்டுக்கு.’ இது 75. தலைப்பில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், வாங்குபவர் அடுத்து கேட்கப்போவதற்குப் பதில் சொல்கிறது. அந்த உத்தரவாதம் உங்கள் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும்.

வரம்பெல்லாம் புரிந்தது. எங்கள் கடையின் 10 இலக்கத் தொலைபேசி எண்ணைத் தலைப்பில் போட்டால் இடம் போதும்தானே?

இடம் போதும், அனுமதி இல்லை. விளம்பர வரிகளில் தொலைபேசி எண் இருந்தால் நிராகரிப்பார்கள். அழைப்பு எண்ணைச் சேர்க்கத் தனிப் பகுதி இருக்கிறது. தலைப்பில் ஆச்சரியக்குறியும் கூடாது.

எங்கள் ஊரில் ‘வெட் கிரைண்டர் விலை’ என்பதை ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். நான் தமிழில் விளம்பரம் போட்டேன். சொடுக்கியவர்கள் குறைவு, வாங்கியவர்கள் அதிகம். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது, அதனால் உறுதியாகச் சொல்லத் துணியவில்லை. உங்கள் பக்கம் தமிழில் இருப்பதால், தமிழ் விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் படித்துவிட்டு வாங்கியிருக்கலாம். அல்லது எண்ணிக்கை சிறிது என்பதால் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரே தேடல் சொற்களுக்கு இரண்டு மொழியிலும் விளம்பரம் வைத்து, சொடுக்குக்கு அல்ல, விற்ற ஒரு கிரைண்டருக்கு எவ்வளவு செலவானது என்று கணக்கிட்டு அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம்.