பழகிய பிறகே வரும் ஈர்ப்பு: கூச்சமா, தேர்வா, இயல்பா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 29. தோழிகள் யாரையாவது பார்த்ததுமே கிறங்கிப் போவார்கள். அவர் அழகு என்பது எனக்கும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தோன்றாது. இதுவரை இரண்டு பேருடன் பழகிப் பார்த்தேன், இருவரும் நல்லவர்கள். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் கையைப் பிடித்தபோது மனம் வெறுமையாக இருந்தது. விலகிவிட்டேன். ஆனால் உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மேல், பழகி ஒன்றரை வருடம் கழித்து ஈர்ப்பு வந்தது. அதுவரை அவரை அப்படி நினைத்ததே இல்லை. கூச்சம் என்கிறார்கள் சிலர், யாரையும் எளிதில் பிடிக்காத குணம் என்கிறார்கள் சிலர். ‘டெமிசெக்சுவல்’ என்ற சொல்லை அண்மையில் படித்தேன். நான் அதுதானா? இப்போது இரண்டு மாதமாக ஒருவருடன் பழகுகிறேன். அவரிடம் என்ன சொல்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சொல்லுக்கு வயது அதிகமில்லை. பாலீர்ப்பு இல்லாதவர்கள், அதாவது அசெக்சுவல் மக்கள், கூடிப் பேசிய ஏவன் என்ற இணையக் குழுவில் 2006 வாக்கில் பிறந்தது. ‘டெமி’ என்றால் பாதி. எப்போதும் ஈர்ப்பு உள்ளவர்களுக்கும் ஒருபோதும் இல்லாதவர்களுக்கும் இடையில் நிற்பவர் என்ற பொருளில் அதை வைத்தார்கள். ஒருவரோடு ஆழமான மனப் பிணைப்பு ஏற்பட்ட பிறகுதான் அவர் மேல் பாலீர்ப்பு வரும், அதற்கு முன் வராது என்பதே அதன் பொருள். இது நோயின் பெயர் அல்ல. சோதனை செய்து எந்த மருத்துவரும் எழுதித் தருவதும் அல்ல. தன் அனுபவத்துக்குப் பொருந்துகிறதா என்று அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? வெளியிலிருந்து பார்த்தால் கூச்சமும் தேர்வும் டெமிசெக்சுவல் தன்மையும் ஒன்று போலவே தெரியும். மூன்றிலும் ஒருவர் நெருங்காமல் விலகுகிறார். அதனால், விலகியதை விட்டுவிட்டு, விலகுவதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள்.

கூச்சப்படுபவருக்கு உள்ளே ஈர்ப்பு இருக்கிறது. அவர் எதிரே வந்தால் நெஞ்சு படபடக்கும், பேச்சு தடுமாறும். வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் வந்து போகும், கற்பனை ஓடும். அங்கே தடையாக நிற்பது பயம். கூச்சம் குறைந்தால் அந்த ஈர்ப்பு வெளியே வந்துவிடும், ஏனென்றால் அது முன்பே அங்கு இருந்தது. தேர்வு செய்பவரின் கதை வேறு. அவருக்கு ஒரு அளவுகோல் இருக்கும். ‘ஆள் ஈர்க்கிறார், ஆனால் இந்தக் குணம் ஒத்துவராது’ என்று அவர் மறுக்கிறார். அளவுகோலுக்குப் பொருந்தும் ஒருவர் வந்தால் முதல் சந்திப்பிலேயே அவர் மனம் சாயக்கூடும். டெமிசெக்சுவல் ஒருவருக்கு அடக்கிக்கொள்ளவோ மறுக்கவோ உள்ளே எதுவும் இருப்பதில்லை. எல்லா அளவுகோலுக்கும் பொருந்தும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் முதல் நாளில் அந்த உணர்வு தோன்றாது. திருமணம்வரை உடலுறவு வேண்டாம் என்று காத்திருப்பவரையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் ஈர்ப்பு இருந்தும் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்.

உங்கள் அனுபவத்தை இந்த அளவில் வைத்துப் பார்ப்போம். கை பிடித்தபோது படபடப்போ பயமோ இல்லை, வெறுமை என்கிறீர்கள். கூச்சம் அப்படி இருக்காது. அந்த இருவரிடம் குறை எதையும் நீங்கள் சொல்லவில்லை, ஆகவே தேர்வும் இல்லை. நண்பர் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை வருடமாக ஆசையை மறைத்து வைத்திருந்தீர்களா, அல்லது ஆசையே இல்லாமல் இருந்து பின்னால் வந்ததா? ‘அப்படி நினைத்ததே இல்லை’ என்பது உங்கள் வாசகம். இதுதான் மூன்றிலும் முக்கியமான சான்று.

ஆனாலும் ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பதின்வயது முதல் யார் யார் மேல் ஈர்ப்பு வந்தது, அப்போது அவர்களை எவ்வளவு தெரிந்திருந்தது என்று எழுதிப் பாருங்கள். பேசிப் பழகாத நடிகரோ வழியில் பார்த்த ஒருவரோ உங்கள் ஆசையில் வந்ததுண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதும்போது இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். அழகை ரசிப்பது வேறு, அந்த உடலை நெருங்க விரும்புவது வேறு. அதேபோல, யாரையும் நினைக்காமல் உடலில் எழும் கிளர்ச்சி வேறு, ஒரு குறிப்பிட்ட மனிதர் மேல் எழும் ஈர்ப்பு வேறு. டெமிசெக்சுவல் பலருக்கு உடல் ஆசை நன்றாகவே இருக்கும், அதைத் திருப்ப ஓர் ஆள்தான் இருக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் ‘எனக்கு ஆசை உண்டு, ஆகவே நான் அது இல்லை’ என்று பலர் தவறாக முடிவு செய்கிறார்கள்.

இப்போது பழகும் அவரைப் பற்றி. பிணைப்பு என்பது நாள் கணக்கு அல்ல. இரண்டு மாதத்தில் சிலருக்கு வரும், இரண்டு வருடத்திலும் சிலருக்கு வராது. மனம் திறந்து பேசுவது, பலவீனத்தைக் காட்டியும் பாதுகாப்பாக உணர்வது, சண்டைக்குப் பின் சரிசெய்துகொள்வது ஆகியவற்றிலிருந்து அது வளர்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பிணைப்பு வந்தால் ஈர்ப்பு வந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. பிணைப்பு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு நெருங்கிய நண்பர்கள் பலர் இருந்தும் ஒருவர் மேல் மட்டும்தானே வந்தது?

ஆகையால் அவரிடம் தேதி குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். ‘இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்’ என்றால் அவர் நாளை எண்ணுவார், நீங்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் ‘இன்னும் வரவில்லையே’ என்று உங்களையே சோதிப்பீர்கள். அந்தச் சோதனையே பேச்சின் இயல்பைக் கெடுத்து, பிணைப்பு வளர வேண்டிய இடத்தை அடைத்துவிடும். வராத உணர்வை வந்ததாக நடிப்பது அதைவிடக் கெடுதல். தொடுதலைச் சகித்துக்கொண்டே போனால் உடல் அதைக் கடமையாகப் பதிந்துகொள்ளும், பின்னால் வரக்கூடிய ஈர்ப்புக்கும் அதுவே குறுக்கே நிற்கும்.

உடல் நெருக்கம் பற்றிய எதிர்பார்ப்பு எழுவதற்கு முன்பே, அமைதியான ஒரு நேரத்தில் பேசுங்கள். அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. ‘எனக்கு ஈர்ப்பு பழகிய பிறகுதான் வரும், வந்தால் உண்மையாக வரும். இப்போது உங்களோடு பேசுவது பிடித்திருக்கிறது, இன்னும் தெரிந்துகொள்ள ஆசை. வருமா என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. இது உங்களிடம் உள்ள குறையால் அல்ல’ என்ற அளவு போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் எதிரில் இருப்பவர் முதலில் நினைப்பது ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்றுதான். எந்தத் தொடுதல் இப்போது இதமாக இருக்கிறது, எது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். கேட்டபின் அவர் விலகினால் அது அவருடைய உரிமை. தெரிந்தும் அவசரப்படுத்தினால், அவரிடம் உங்களுக்குப் பாதுகாப்புணர்வு வருவது கடினம்.

கீழே சொல்வதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் பட்டியலை எழுதும்போது நினைவில் வையுங்கள். முன்பு எளிதாக வந்த ஈர்ப்பு ஏதோ ஒரு காலத்திலிருந்து நின்றுபோயிருந்தால், இந்தச் சொல்லுக்குள் அதை அடக்கிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, அதற்கான சில மாத்திரைகள், தைராய்டு அல்லது புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு ஆகியவை ஆசையைக் குறைக்கும். தொடுகையில் வெறுமை இல்லாமல் உடல் இறுகுவது, அருவருப்பு, பழைய சம்பவம் கண்முன் வருவது போன்றவை இருந்தால் அது காயத்தின் குறி, உளவியலாளரிடம் நேரில் பேச வேண்டியது. ஈர்ப்பு முதலில் வந்து, எதிரில் இருப்பவர் நெருங்க நெருங்க ஓடிப்போகிறது என்றால் அது உங்களுடையதற்கு நேர் எதிரான நிலை. அங்கே பார்க்க வேண்டியது நெருக்கத்தின் மீதான பயத்தை.